சன்னலுக்கு வெளியே இருக்கிற உதாரணம்

போன வாரம் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படிக்கிறாள். அடுத்த வாரம் தேர்வு. தேநீர் குடித்து முடிப்பதற்குள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமா, இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை எழுதினாலும் பாதி மார்க்குதான் வருது. கொஞ்சம் பாருங்க."

கேள்வி இதுதான்: 'அதிகாரப் பரவலாக்கத்தின் நன்மைகளையும் எல்லைகளையும் உதாரணத்துடன் ஆராய்க.'

ஏழு நன்மைகளையும் ஐந்து குறைகளையும் வரிசையாக எழுதியிருந்தாள். ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால், நாட்டின் பெயரை மாற்றினால் அதே பதில் கென்யாவுக்கும் பொருந்தும், பிரேசிலுக்கும் பொருந்தும். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சில காலம் இப்படிப்பட்ட தாள்களைத் திருத்தியிருக்கிறேன். பட்டியலுக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். மீதிப் பாதி 'ஆராய்க' என்ற சொல்லில் இருக்கிறது.

"உதாரணத்துக்கு எங்க மாமா போறது?"

"சன்னலைத் திறந்து பாரும்மா" என்றேன்.

அன்று மாலை சமையலறை மேசையில் உட்கார்ந்து இருவரும் அந்தப் பதிலைத் திரும்ப எழுதினோம். இந்தப் பாடம் படிக்கிற பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள் என்பதால் இங்கே தருகிறேன்.

முதல் பத்தியில் பரவலாக்கம் என்றால் என்ன என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதிகாரம் மேலிருந்து கீழே மூன்று விதமாக வரலாம். மேலிடம் தன் அதிகாரியையே மாவட்டத்தில் உட்கார வைப்பது முதல் விதம். மாவட்ட நில அலுவலகம் அப்படிப்பட்டது. அது இங்கே இருந்தாலும் பகாங் மாநில அரசின் கைதான். ஒரு வேலையைத் தனி அமைப்பிடம் ஒப்படைப்பது இரண்டாவது. 1949-இல் மின்சாரத்தைத் தனி வாரியத்திடம் விட்டது அந்த வகை. வேலை, பணம், மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து உள்ளூர் மன்றத்திடம் கொடுப்பது மூன்றாவது. முழுமையான பரவலாக்கம் என்பது இதுதான்.

"அப்போ கேமரன் மலை மாவட்ட மன்றம் மூணாவதுதானே?" என்றாள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஊராட்சி மன்றத் தேர்தல்கள் இந்தோனேசியாவுடனான மோதலின்போது, 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என்றது ஆணையத்தின் பரிந்துரை. அறிக்கை 1971-இல் வெளிவந்தது. ஆனால், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வேறு வழியில் போனது. தலைவரையும், 8 முதல் 24 வரையிலான மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. மதிப்பீட்டு வரி விதிக்கவும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஆக, வேலை கீழே வந்தது, பணம் ஓரளவு வந்தது, பதில் சொல்லும் பொறுப்பு மேலேயே தங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியம்தான் பதிலின் முதுகெலும்பு.

அடுத்து நன்மை. ஏழு வேண்டாம், ஒன்றை நன்றாகச் சொன்னால் போதும். பள்ளி விடுமுறையில் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கார்கள் வரிசை கட்டி நிற்கும், சந்தைகளிலும் கூட்டம் பெருகும். எந்த நாளில் எந்தச் சந்தைக்குக் கூடுதல் இடம் ஒதுக்க வேண்டும் என்பது புத்ராஜெயாவில் இருப்பவருக்குத் தெரியாது, இங்கே இருப்பவருக்குத் தெரியும். குவாந்தானுக்குத் தேவையான சேவை வேறு, மலைக்குத் தேவையானது வேறு. ஒரு சேவையின் பலனும் செலவும் ஓர் ஊருக்குள்ளேயே அடங்கினால், அந்த முடிவை அந்த ஊரே எடுப்பது நல்லது. பொருளாதார அறிஞர் வாலஸ் ஓட்ஸ் 1972-இல் முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான்.

'அடங்கினால்' என்பதைக் கவனியுங்கள். எல்லை அங்கேதான் தொடங்குகிறது. சன்னலுக்கு வெளியே தெரியும் சரிவையே எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். காய்கறித் தோட்டக்காரர்கள் பலருக்கு நில அலுவலகம் கொடுத்துவந்தது தற்காலிக உரிமம். அது எந்த மாதம் தொடங்கினாலும் அந்த ஆண்டின் இறுதியில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர், மண் அரிப்பைத் தடுக்கப் படிக்கட்டு வரப்பும் வடிகாலும் கட்டப் பணம் போடுவாரா? அடர்ந்த தேயிலைச் செடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வெட்டித் திறந்த சரிவு பிடிக்காது. மழைக்குக் கரைந்த மண் பெர்தாம் ஆற்றில் இறங்கி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது.

அந்த நீர்த்தேக்கத்தைத் தூர்வாருவது மின்சார நிறுவனத்தின் செலவு. அணைக்குக் கீழே குடியிருப்பது பெர்தாம் வேலி மக்கள். 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், கனமழையைத் தொடர்ந்து அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது அங்கே வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. உரிமம் கொடுத்தது ஓர் இடம், மண்ணை அள்ளுவது இன்னோர் இடம், வெள்ளத்தில் நின்றது வேறோர் இடம். முடிவின் விளைவு எல்லை தாண்டி வழியும்போது, அதை ஒரே ஓர் உள்ளூர் அலுவலகத்திடம் விட்டால் கணக்கு தப்பும். மண் அரித்த நிலத்தைச் சீரமைப்பது மத்திய, மாநில அரசுகளின் பொதுப் பட்டியலில் இருப்பதும் தற்செயல் அல்ல.

கடைசிப் பத்தியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'நன்மையும் உண்டு, குறையும் உண்டு' என்று முடித்தால் மதிப்பெண் போய்விடும். நாங்கள் எழுதிய முடிவு இது: "ஓர் அதிகாரத்தைக் கீழே கொடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அதன் விளைவு யார் வாசல்வரை போகிறது? முடிவெடுத்தவரை அந்த வாசல்காரர் மாற்ற முடியுமா? சந்தை, தெருவிளக்கு ஆகியவை முதல் கேள்வியில் தேறுகின்றன, இரண்டாவதில் தேறவில்லை. ஆகவே, அவை மன்றத்திடமே இருக்கட்டும், மன்றம் மக்களுக்குப் பதில் சொல்லட்டும். சரிவும் ஆறும் முதல் கேள்வியிலேயே தேறவில்லை. ஆகவே, விதியை மேலே வகுத்து, கண்காணிப்பைக் கீழே வைக்க வேண்டும்."

எதிர்வாதத்துக்கும் ஒரு வரி சேர்த்தோம். தேர்தல் வந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் இந்தியக் கிராம ஊராட்சிகளுக்குத் தேர்தலை உறுதி செய்தது. எந்த அதிகாரத்தையும் நிதியையும் தருவது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களிடமே விட்டது. அதனால் தேர்தல் இருந்தும் கை காலியான ஊராட்சிகள் அங்கே உண்டு.

அதுவரை பேசாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "அதெல்லாம் சரிடா தம்பி. நம்ம லயத்துக் கால்வாய் அடைச்சா நான் யார்கிட்ட சொல்றது? அந்த மன்றத்துக்கிட்டயா?"

அக்கா கேட்டதற்கும் பதில் உண்டு. தோட்ட வீடுகளின் தண்ணீர், சுகாதார வசதிகள் 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் தொழிலாளர் இலாகாவிடம் போக வேண்டும். அது மத்திய அரசைச் சேர்ந்தது. வாசலில் இருக்கிற கால்வாய்க்கு அதிகாரம் மலையிலிருந்து இறங்கிப் போய்விட்டது.

மருமகள் நோட்டைத் திரும்ப இழுத்து, அதையும் உதாரணமாகச் சேர்த்துக்கொண்டாள்.