கடைசிப் பன்னிரண்டு மணி நேரம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் தில்லியில் நம்மவர் வீடுகளில் ஜெராக்ஸ் கட்டுகள் சேரத் தொடங்கும். பக்கத்து வீட்டு மாமி கொடுத்தது, டியூஷன் வாத்தியார் கொடுத்தது, அண்ணன் விட்டுச் சென்றது என்று எல்லாம் ஒரே பையில் போகும். சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வுக்கு முந்திய இரவு 140 பக்கக் கட்டோடு உட்கார்ந்தான். விடியும்போது பாதி கூட முடியவில்லை. முதலிலேயே நன்றாகத் தெரிந்த பாடத்தை மூன்று தடவை படித்திருந்தான். மின்வேதியியலைத் தொடவே இல்லை. அதற்கு 9 மதிப்பெண்.

முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். கடைசித் திருப்புதலுக்கான கட்டில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய கேள்வி. அதை முந்திய இரவில் முடிவு செய்யக் கூடாது. ஒரு வாரம் முன்பே இரண்டு பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதி, தவறியவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஆண்டு எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்படித்தான் செய்தோம். சி.பி.எஸ்.இ. எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு, பாடங்கள் பத்து. முதலில் திண்ம நிலையும் பலபடிகளும் வெளியே போயின. அவை பாடத்திட்டத்திலேயே இல்லை. 2022-க்கு முன் அச்சான கைடுகளில் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்து வேதிவினை வேகவியல். அவளுக்கு மிகப் பிடித்த பாடம். கணக்குகளில் ஒன்றும் தவறவில்லை. ஆகவே அதற்கு அரைமணிதான் என்றேன். முகம் வாடிப் போனாள். தெரிந்ததைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு, ஆனால் அதனால் மதிப்பெண் கூடாது.

மின்வேதியியலுக்கு இரண்டு மணி கொடுத்தோம். நெர்ன்ஸ்ட் சமன்பாடு அவளுக்கு மனப்பாடம். ஆனால் செறிவுகளைத் தலைகீழாக வைத்துவிடுவாள். துத்தநாகம்–தாமிரம் மின்கலத்தில் துத்தநாக அயனி 0.1, தாமிர அயனி 0.01 என்றால்,

E = 1.10 − (0.059/2) log (0.1/0.01) = 1.07 வோல்ட்

அவள் போட்ட விடை 1.13. கட்டில் சமன்பாட்டுக்குக் கீழே ஒரே வரி எழுதச் சொன்னேன்: "வினையில் உண்டாகும் அயனியின் செறிவு அதிகமானால் விடை 1.10-க்குக் கீழேதான் வரவேண்டும்." தவறை அங்கேயே கண்டுகொள்ள அந்த வரி போதும்.

கரிம வேதியியலின் நான்கு பாடங்களுக்கு 26 மதிப்பெண். அதற்கு மூன்று மணி, இரண்டே தாள். ஒன்றில் பென்சீனிலிருந்து நைட்ரோபென்சீன், அனிலீன், டயசோனியம் உப்பு, பீனால் என்று போகும் வழி. மற்றதில் அவள் குழப்பிக்கொள்ளும் இரட்டைகள். ஆல்டால் வினைக்கு ஆல்பா ஹைட்ரஜன் வேண்டும், கன்னிசாரோ வினைக்கு அது இருக்கக் கூடாது என்பது போல.

அவள் படிக்காமல் விட்டிருந்தவை இரண்டு. அவற்றில் உயிர் மூலக்கூறுகளைச் சேர்த்தோம். 7 மதிப்பெண் உண்டு, முன்பாடம் ஏதும் தேவையில்லை, ஒரு மணியில் பிடிபடும். அணைவுச் சேர்மங்களில் படிகப் புலக் கொள்கையை விட்டுவிட்டோம். புரிந்துகொள்ளவே அரைநாள் வேண்டும். அரைகுறையாகப் படித்தால் தெரிந்ததையும் குழப்பும். பெயரிடுதலுக்கும் மாற்றியங்களுக்கும் மட்டும் ஒரு மணி. இதனால் ஓரிரு மதிப்பெண் போகலாம். தெரிந்தேதான் விட்டோம்.

கரைசல்களுக்கும், d, f தொகுதிகளுக்கும் ஒவ்வொரு மணி. பழைய தவறுகளை மறுபடி எழுதிப் பார்க்க ஒன்றரை மணி. எல்லாத் தாள்களையும் கடைசியாக ஒருமுறை பார்க்க ஒரு மணி. கூட்டினால் பன்னிரண்டு. அதையும் ஒரே மூச்சில் அல்ல, இரண்டு நாட்களில் ஆறாறு மணியாக. ஒவ்வொரு தாளையும் முதலில் மூடிவைத்து, வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். வெறுமனே வாசித்தால் எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும்.

கட்டு மொத்தம் பதினான்கு பக்கம், எல்லாம் அவள் கையெழுத்து. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது உதவாது, ஏனென்றால் அவன் தவறுகள் வேறு. ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஜெராக்ஸ் கடைக்குப் போகுமுன், உங்கள் குழந்தை கடைசியாக எழுதிய வினாத்தாளை எடுத்து, சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள்.