குதிரை ஏணி ஏறி வரவில்லை

உயிரியல் புத்தகங்களில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இடக்கோடியில் சிறு நாய் அளவில் ஒரு விலங்கு, பிறகு ஆட்டளவில் ஒன்று, அதைவிடப் பெரியதாக இன்னொன்று, வலக்கோடியில் பிடரி பறக்க நிற்கும் இன்றைய குதிரை. காட்டிலிருந்து புல்வெளிக்கு வந்த விலங்கு, வேகமாக ஓடுவதற்காக விரல்களை ஒவ்வொன்றாக உதறி ஒற்றைக் குளம்புக்கு வந்து சேர்ந்ததாம். பல ஆண்டுகள் நானும் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு.

படத்தில் இருக்கும் எலும்புகள் உண்மையானவை. ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் காட்டில் இலை தின்று வாழ்ந்த இயோஹிப்பஸுக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. இன்றைய குதிரை நடுவிரல் நுனியில் மட்டுமே நிற்கிறது. அவற்றை ஒரே கோட்டில் நிறுத்தியதில்தான் பிழை. 1870களில் யேல் பல்கலைக்கழகத்தில் ஓ.சி. மார்ஷ் தம்மிடமிருந்த புதைபடிவங்களை அப்படி அடுக்கினார். கையில் இருந்தவை கொஞ்சம், அவரைக் குறைசொல்ல முடியாது. ஒன்றரை நூற்றாண்டாகத் தோண்டியெடுத்தவை குவிந்து கிடக்கும்போது நாம் இன்னமும் அதே வரிசையை அச்சடிப்பதற்குத்தான் மன்னிப்பு இல்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆஷ்ஃபால் என்றொரு இடம் இருக்கிறது. சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு நீர்க்குட்டை. மேற்கே வெகுதொலைவில், இன்றைய ஐடஹோ பக்கம், ஓர் எரிமலை வெடித்தது. கண்ணாடிப்பொடி போன்ற சாம்பல் காற்றில் வந்து புல்வெளியெங்கும் படிந்தது. மேயும்போதெல்லாம் அதை மூச்சில் இழுத்த விலங்குகள் நுரையீரல் கெட்டுத் தண்ணீரைத் தேடி வந்து விழுந்தன. பறவைகளும் ஆமைகளும் அடியில், அவற்றுக்கு மேல் குதிரைகளும் ஒட்டகங்களும், எல்லாவற்றுக்கும் மேலே காண்டாமிருகங்கள். உடல் பெரிதாக இருந்தவை கடைசிவரை தாக்குப்பிடித்திருக்கின்றன. நுரையீரல் நோய் முற்றினால் எலும்பின்மேல் படரும் சொரசொரப்பான புது வளர்ச்சியும் அவற்றில் காணப்படுகிறது. 1971இல் மைக்கேல் வூர்ஹீஸ் ஒரு காண்டாமிருகக் கன்றின் மண்டையோட்டைக் கண்டதில் தொடங்கியது இந்தக் கதை. விலங்குகள் விழுந்த கோலத்திலேயே முழு எலும்புக்கூடுகள் வெளியே வந்தன.

அந்த ஒரே சாம்பலில் ஐந்து வகைக் குதிரைகள் கிடக்கின்றன. கார்மோஹிப்பேரியனுக்கும் நியோஹிப்பேரியனுக்கும் மூன்று விரல். அவற்றோடு ஒற்றை விரல் பிளையோஹிப்பஸ். ஏணியின் கீழ்ப்படி என்றும் மேல்படி என்றும் நாம் பிரித்துவைத்த விலங்குகள் ஒரே குட்டையில் தண்ணீர் குடித்திருக்கின்றன, ஒரே சாம்பலில் மடிந்திருக்கின்றன.

புல்வெளியில் பிழைக்க ஒற்றைக் குளம்பு இருந்தே தீரவேண்டும் என்றால், மூன்று விரல் குதிரைகள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தன? நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தன. ஹிப்பேரியன் கூட்டம் சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுக்குள் நுழைந்து ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பரவியது. நம் சிவாலிக் மலையடிவாரத்திலும் அவற்றின் பற்களும் எலும்புகளும் கிடைக்கின்றன. தான்சானியாவின் லாய்டோலியில், 36 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சாம்பலில், இரண்டு காலில் நடந்த நம் மூதாதையரின் சுவடுகளோடு மூன்று விரல் குதிரையின் குளம்புச் சுவடுகளும் பதிந்திருக்கின்றன. தோற்றுப்போன ஒரு முன்மாதிரி இவ்வளவு தூரம், இவ்வளவு காலம் வந்திருக்குமா?

உடல் மேலும் மேலும் பெருத்தது என்பதும் இதே கோட்டின் குழந்தைதான். தொடக்ககாலக் குதிரையான சிஃப்ரிப்பஸ், பூமி சூடேறிய காலத்தில் சுமார் 1.3 லட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்து பூனையளவுக்கு வந்தது. சூடு தணிந்த பிறகு மறுபடி வளர்ந்தது.

அப்படியானால் ஒற்றை விரல் வந்தது எப்படி? ஒரு கிளையில் உடல் எடை கூடக்கூட நடுவிரல் எலும்பு தடித்து, வளைவுக்கு ஈடுகொடுக்கும் வலிமை பெற்றது. பாரத்தை அதுவே தாங்கியதால் பக்கவிரல்களுக்கு வேலை குறைந்தது. காலின் நுனியில் இருக்கும் எடையை ஒவ்வொரு எட்டிலும் வீசியாக வேண்டும். அந்த எடை குறைந்து பிறந்த குட்டிகள் குறைந்த சக்தியில் ஓடின, அவற்றின் வாரிசுகள் பெருகின. விரலை எந்தக் குதிரையும் உதறவில்லை. பக்கத்துக் கிளைகளில் மூன்று விரலே போதுமானதாக இருந்தது.

குதிரையை அறிந்தவர் யாரேனும் அருகில் நின்றால், அதன் முன்காலின் முழங்காலுக்குக் கீழே, தடித்த எலும்பின் பின்புறம் இருபக்கமும் மெல்லத் தடவிப் பாருங்கள். பென்சில்போல மெலிந்து, குளம்பை எட்டாமல் பாதியிலேயே முடிந்துவிடும் இரண்டு எலும்புகள் விரலில் தட்டுப்படும். பக்கவிரல்களின் மிச்சம் அவை.

குதிரைக் குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பேரினம். குதிரை, கழுதை, வரிக்குதிரை எல்லாம் அதற்குள் அடக்கம். மற்ற கிளைகள் பட்டுப்போனதால்தான் எஞ்சிய ஒற்றைக் கொம்பு நமக்கு நேர்க்கோடாகத் தெரிகிறது. பாடம் நடத்தும் ஆசிரியர்களே, அடுத்தமுறை கரும்பலகையில் அந்த நான்கு குதிரைகளை வரிசையாக வரையாதீர்கள். ஒரு குட்டையை வரைந்து, அதைச் சுற்றி ஐந்து குதிரைகளை நிறுத்துங்கள்.