ஐந்து முறையும் ஒரே வாசிப்பா? நாங்கள் நம்பமாட்டோம்!



சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை கிரேட்டிங் ஊடாகப் பார்த்து அலைநீளம் காணும் பரிசோதனைக் கொப்பிகள் எங்கள் மேசைக்கு வருகின்றன. சிலவற்றில் ஐந்து வாசிப்பும் அச்சடித்தாற்போல் ஒன்றே. விடையும் 589 தான். "விடை சரி தானே சேர்?" என்று கேட்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் விடையை எழுத பரிசோதனை எதற்கு?

ஒவ்வொரு வாசிப்புக்கும் தொலைகாட்டியை விலக்கி, திரும்பக் கொண்டுவந்து கோட்டில் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தால் வேணியரில் சில கலைகள் மாறத்தான் செய்யும். மில்லிமீற்றருக்கு 600 கோடுள்ள கிரேட்டிங்கை எடுப்போம். முதலாம் வரிசையில் 20°40′, 20°44′, 20°42′, 20°45′, 20°39′ வந்தால் சராசரி 20°42′, நியம விலகல் 2.5 கலை. இரண்டாம் வரிசையில் 44°57′, 45°03′, 45°00′, 45°04′, 44°56′ வந்தால் சராசரி 45°00′, விலகல் 3.5 கலை.

"இரண்டாவதில் பரவல் கூட, அது மோசமான அளவீடு" என்று முடிவெடுத்து அதைத் தூக்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பார்த்துவிட்டு எறியுங்கள். λ = d sin θ / m என்பதால் அலைநீளத்தின் பின்ன வழு, ரேடியனில் எடுத்த கோண வழுவை cot θ ஆல் பெருக்கி வருவது. 20°42′ இல் cot θ 2.6, 45° இல் 1. ஆகவே முதலாம் வரிசை தருவது 589.1 நனோமீற்றர், பரவல் 1.1. இரண்டாம் வரிசை தருவது 589.3, பரவல் 0.6. கோணம் கூட ஆடிய வரிசைதான் அலைநீளத்தை இறுக்கிப் பிடிக்கிறது! இரண்டு வரிசையையும் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரி எழுதினால் இது மறைந்துபோகும். அதனால்தான் வரிசைக்கு வரிசை பரவலைத் தனியாகக் கேட்கிறோம்.

அந்த ஆட்டத்துக்கும் காரணம் இருக்கலாம். சோடியம் மஞ்சள் ஒரு கோடல்ல, 589.0, 589.6 என இரண்டு. இரண்டாம் வரிசையில் அவை ஏறத்தாழ 3.5 கலை விலகி நிற்கும். ஒருமுறை இதிலும் மறுமுறை அதிலும் குறுக்குக் கம்பியை வைத்தால் வாசிப்பு ஆடாமல் என்ன செய்யும்? பிளவை ஒடுக்கிப் பாருங்கள், இரண்டும் பிரிந்து தெரியும்.

ஆனால் பரவல் சிறிதென்றால் எல்லாம் சரி என்றும் இல்லை. கிரேட்டிங் ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக இல்லாமல் ஒரு பாகை சாய்ந்திருந்தால், இரண்டாம் வரிசையில் ஒரு பக்கக் கோணம் ஏறத்தாழ 25 கலை கூடும், மறுபக்கம் அதேயளவு குறையும். ஒரு பக்கத்தை மட்டும் நூறு முறை அளந்தாலும் இது பிடிபடாது. நேரே வரும் ஒளியிலிருந்து இடம், வலம் இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் உடனே தெரியும்.

ஆகவே பிள்ளைகளின் கொப்பியைப் பார்க்கும்போது விடையை மட்டும் பார்க்காதீர்கள். பரவல் எங்கே என்று கேளுங்கள். 592 என்று எழுதி, பரவலையும் இருபக்கக் கோணங்களையும் மறைக்காமல் காட்டும் கொப்பிக்கு நாங்கள் புள்ளி போடுவோம். வாசிப்பே எடுக்காமல் எழுதிய 589.3 க்குப் போடமாட்டோம்.