சம்பளம் கூடினாலும் சந்தா நிற்காது

பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. பதிவு கட்டாயம். சமயநல்லூரில் பட்டறை நடத்துபவருக்கும் இது தெரியும். அவர் தடுக்கி விழுவது வேறிடத்தில்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குத்தான் திட்டம் பொருந்தும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளியே கட்ட வேண்டும்.

20,800 வாங்கிய ஃபிட்டருக்கு ஜூனில் 22,000 ஆக உயர்த்தியதாக வைத்துக்கொள்வோம். வரம்பு தாண்டியாயிற்று என்று கணக்குப்பிள்ளை அன்றே பெயரை நீக்கிவிடுவார். அங்கேதான் வினை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதன் தொடக்கத்தில் திட்டத்துக்குள் இருந்தவர் முடியும்வரை உள்ளேதான். சந்தாவும் 22,000 முழுவதற்கும் உண்டு: 165 ரூபாயும் 715 ரூபாயும், ஆக 880.

நான்கு மாதம் விட்டுப்போனால் 3,520 ரூபாய். அதில் தொழிலாளியின் பங்கான 660ஐப் பிறகு அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடித்தால்தான் செல்லும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம் தனி.

தொகை சிறிதுதான். ஆனால் சந்தா விடுபட்டதால் அந்த ஃபிட்டருக்குக் கிடைக்க வேண்டிய பலன் குறைந்தால், அந்த இழப்பையும் முதலாளியிடமே வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சம்பளத்தை உயர்த்துபவர்கள் பெயரை நீக்கும் முன் சந்தாக் காலங்கள் முடியும் செப்டம்பர் 30, மார்ச் 31 என்ற இரு தேதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.