‘நான் தோக்கணும்னுதான் செஞ்சீங்களா, தம்பி?’

எங்கள் நிலையத்தில் காலை நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் புதிர் உண்டு. ஒரு பாடலின் தொடக்க இசையை மட்டும் ஒலிக்கவிடுவோம். முதலில் அழைத்து, படத்தின் பெயரைச் சரியாகச் சொல்பவருக்குப் பரிசு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஆண்ட்டி தினமும் அழைப்பார். அவருக்கு லைன் கிடைப்பதற்குள் வேறு யாராவது பரிசைத் தட்டிச் சென்றிருப்பார்கள்.

ஒருநாள் எங்கள் செயலியின் புகார்ப் பெட்டிக்கு அவர் எழுதினார்: “பக்கத்து வீட்டு ரேடியோவில் பதிலே சொல்லி முடிச்சிடுறாங்க. அப்புறம்தான் என் போனில் கேள்வி வருது. சரிபண்ணுங்க.”

அந்த மாதம் புகார்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பு என் தலையில். “நீதான் நல்லா பேசுவியே” என்று செயலிக் குழு நண்பர் தள்ளிவிட்டுவிட்டார். அலுவலக மென்பொருளில் ஒவ்வொரு புகாரையும் மூடும்போது ஒரு முத்திரை குத்த வேண்டும். Fixed என்றால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மற்ற மூன்றும்தான் வம்பு: Won't Fix, Cannot Reproduce, Works as Designed. ஆண்ட்டியின் புகாரை நண்பரிடம் காட்டினேன். “இது அப்படித்தான், கடைசி முத்திரையைக் குத்து” என்றார். குத்தினேன். ‘இது செயலி வடிவமைக்கப்பட்ட விதம். நன்றி’ என்று ஒரு வரியும் அனுப்பினேன்.

மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்டூடியோவுக்கே அழைத்துவிட்டார். “அப்படின்னா நான் தோக்கணும்னுதான் வடிவமைச்சீங்களா, தம்பி?”

மைக் முன்னால் இத்தனை வருடம் பேசியவனுக்கு அன்று வாயே வரவில்லை. நண்பரைப் பிடித்து, தே தாரிக் வாங்கிக் கொடுத்து, ‘அப்படித்தான்’ என்றால் எப்படித்தான் என்று கேட்டேன்.

பண்பலையில் என் குரல் காற்று வழியே நேராகப் போய்விடுகிறது. செயலியில் அப்படியில்லை. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறோம். எங்கள் துண்டு ஒன்றின் நீளம் 6 வினாடி. உங்கள் கைப்பேசி, கையில் மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகே பாட ஆரம்பிக்கும். அங்கேயே 18 வினாடி போய்விட்டது. வெட்டுவதற்கும் வழியில் வந்து சேர்வதற்கும் இன்னும் சில வினாடி. ஏன் இந்தச் சேமிப்பு? ரயில் சுரங்கத்தில் நுழையும்போதும், தோட்டப்புறத்தில் இணையம் தள்ளாடும்போதும் பாட்டு அறுந்துவிடாமல் இருக்க. துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் வழியில் விக்கல் கூடும். பெரும்பாலான நேயர்கள் பயணத்தில் கேட்பவர்கள் என்பதால், தெரிந்தேதான் அந்தத் தாமதத்தை வைத்திருந்தார்கள்.

ஆக, நண்பர் சொன்னது உண்மை. ஆண்ட்டி சொன்னதும் உண்மை. என் ஒருவரிப் பதில் அவர் சொன்னதைக் கண்டுகொள்ளவே இல்லை. செயலி நினைத்தபடிதான் வேலை செய்தது. அதை நம்பி ‘முதலில் அழைப்பவருக்கு’ என்று போட்டி வைத்தோமே, தப்பு அங்கே.

மீண்டும் எழுதினேன்: “ஆண்ட்டி, நீங்கள் கவனித்தது சரிதான். செயலியில் எங்கள் ஒலி ஏறக்குறைய அரை நிமிடம் பிந்தி வருகிறது. வழியில் இணையம் தடுமாறினாலும் பாட்டு நிற்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறோம். அதை இப்போது மாற்றப் போவதில்லை. ஆனால் அதனால் நீங்கள் போட்டியில் பின்தங்குவது நியாயமில்லை. அதைத் தனிப் புகாராகப் பதிந்து, நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். அதுவரை போட்டி நேரத்தில் மட்டும் ரேடியோப் பெட்டியில் கேளுங்கள்.”

முத்திரை மாறவில்லை, அதே Works as Designed தான். ஆனால் இந்த முறை அவர் கோபப்படவில்லை. மாற்றப் போவதில்லை என்று நேராகச் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்தது Cannot Reproduce. இதே வகையை Bugzilla என்ற பழைய மென்பொருளில் WORKSFORME என்று வைத்திருந்தார்கள். ‘எனக்கு வேலை செய்யுதே!’ எழுதியவர் காதில் இது ‘நீ புளுகுகிறாய்’ என்றுதான் விழும்.

வாடகைக் கார் ஓட்டும் ஒரு தம்பி, மாலையில் செயலி பத்து நிமிடத்தில் நின்றுவிடுவதாக எழுதியிருந்தார். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. ஆண்ட்டியிடம் பட்ட அனுபவத்தால் இந்த முறை நிதானமாக எழுதினேன். எந்தெந்தக் கைப்பேசியில், செயலியின் எந்தப் பதிப்பில், எந்த இணைப்பில், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று சொல்லிவிட்டு, ‘எங்கள் சோதனையில் நீங்கள் சொன்னது நடக்கவில்லை. உங்கள் வண்டியில் நடப்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை’ என்றேன். பிறகு ஒரே ஒரு கேள்வி: நாங்கள் சோதித்ததற்கும் உங்கள் நிலைக்கும் என்ன வித்தியாசம் தெரிகிறது? இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மூடிவிடுவோம், பிறகு எப்போது எழுதினாலும் இதே புகாரைத் திறப்போம் என்றும் சேர்த்தேன். பத்துக் கேள்வி கேட்டிருந்தால் அவர் பதிலே போட்டிருக்கமாட்டார், பாவம், ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா, படிவம் நிரப்புவாரா?

பதில் அன்றிரவே வந்தது. “அண்ணா, நீங்க சார்ஜர் போட்டு டெஸ்ட் பண்ணீங்களா? என் வண்டி சார்ஜர் கெட்டுப்போச்சு. சாயங்காலம் பேட்டரி கம்மியா இருக்கும்.”

எங்கள் சோதனைக் கைப்பேசிகள் எல்லாம் மேசையில் எந்நேரமும் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருப்பவை! சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி சேமிப்பைப் போட்டு, திரையை அணைத்து வைத்தோம். அவருடைய ரகக் கைப்பேசியில் செயலி அப்படியே நின்றது. அந்தக் கைப்பேசியின் பேட்டரி அமைப்பில் எங்கள் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னோம். அதன்பிறகு பாட்டு ஓடியது. அவருக்கு நாங்கள் எழுதிய பட்டியலிலேயே ‘சார்ஜரில் இருந்தது’ என்ற வரி இல்லை. அவர்தான் கண்டுபிடித்தார்.

Won't Fix பற்றி ஒன்று மட்டும். மிகப் பழைய கைப்பேசிகளில் எங்கள் புதிய பதிப்பு ஏறாது. அவற்றுக்காகத் தனிப் பதிப்பைப் பராமரிக்க எங்களிடம் ஆளில்லை. அதைக் கேட்டவர்களுக்கு முன்பெல்லாம் ‘நேரம் கிடைத்தால் பார்க்கிறோம்’ என்று போவது வழக்கம். இனிப்பான பொய். மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி கேட்பார், இம்முறை கோபத்தோடு. இப்போது செய்யமாட்டோம், காரணம் இது, இணையப்பக்கத்தில் கேட்கலாம் என்று எழுதுகிறோம். அந்த மாற்று வழியை அனுப்புவதற்கு முன் அப்பாவின் பழைய போனில் நானே போட்டுப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன், முதலில் எழுதி வைத்திருந்த முகவரி அதில் திறக்கவே இல்லை. வேறொன்றைக் கொடுத்தோம். அப்படியும் ஒருவர், “ஏழைங்க போனுன்னா இளக்காரமா?” என்று எழுதினார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

பாட்டுப் புதிரை மாற்றிவிட்டோம். இப்போது பத்து நிமிடம் வரை புலனத்தில் பதில் அனுப்பலாம், சரியான பதில்களில் குலுக்கல். போன வாரம் ஆண்ட்டியின் பதில் சரி, குலுக்கலில் பெயர் வரவில்லை. குரல் பதிவு அனுப்பியிருந்தார்:

“பரவால்ல தம்பி. ஆனா கேள்வி ரொம்ப சுலபம். அதை யாரு வடிவமைச்சது?”