காளான் குடிலில் கூலர் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: "15 அடி நீளம், 10 அடி அகலத்தில் சிப்பிக் காளான் குடில் போட்டிருக்கிறோம். தை மாதம் நன்றாக வந்தது. மாசியில் வெயில் ஏறியதும் ஒரு ஏர் கூலரும், பனிபோல் நீரைத் தூவும் ஈரப்பதமூட்டியும் வாங்கி உள்ளே வைத்தோம். இரண்டும் ஓடுகின்றன, ஆனாலும் மதியத்தில் அறை புழுங்குகிறது. காளானின் காம்பு நீண்டு, குடை சிறுத்து, மஞ்சள் விழுந்து வீணாகிறது. நகையை வைத்து ஏ.சி. வாங்கலாமா?"
- வாசகி, கரூர் மாவட்டம்.

பதில்: ஏ.சி. இப்போது வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். வாசகியின் வீட்டிலுள்ள கூலரே போதும், அது நிற்கும் இடம்தான் தவறு.

மாமியாரும் மருமகளுமாக நடத்தும் இந்தக் குடிலின் அளவுகளை மருமகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். காலை 11 மணிக்குக் கூலரைப் போடும்போது அறையில் 31 டிகிரி. அரைமணி நேரத்தில் 29 டிகிரிக்கு இறங்குகிறது. பிறகு மெல்ல ஏறி, 2 மணிக்கு 33 டிகிரி ஆகிவிடுகிறது. அந்நேரம் ஈரப்பதம் 96 சதவீதம். இந்த நான்கு எண்களிலேயே நோய் தெரிகிறது.

கூலர் குளிரை உண்டாக்குவதில்லை. ஈரமான பட்டையின் வழியாகக் காற்று போகும்போது தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. காற்று வறண்டு இருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். கதவைச் சாத்திய அறைக்குள் கூலரை வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் வறட்சி அரைமணியில் தீர்ந்துவிடும். அதன்பின் கூலர் வெறும் மின்விசிறிதான். மோட்டாரின் சூடு, கூரையின் சூடு, படுக்கைகளே வெளிவிடும் சூடு எல்லாம் சேர்ந்து அறை மீண்டும் கொதிக்கிறது. போதாததற்கு ஈரப்பதமூட்டியும் அதே வறட்சியைத்தான் தின்கிறது. ஒரு பானைச் சோற்றை இருவர் பங்கு போட்ட கதை.

காம்பு நீண்டு குடை சிறுப்பதற்கும் காரணம் இதே மூடிய அறைதான். காளான் நம்மைப்போல மூச்சுவிடும். அது வெளிவிடும் கரியமில வாயு அறையில் தேங்கினால் காம்பு நீளும், குடை விரியாது. மஞ்சள் விழுவது குடைமேல் நீர் காயாமல் நிற்பதால் வரும் பாக்டீரியாவின் வேலை. தெளித்த நீரோ தூவிய பனியோ இரண்டு மணி நேரத்தில் குடையிலிருந்து காய்ந்துவிட வேண்டும். காயாவிட்டால் அறையில் ஈரம் மிகுதி என்று அர்த்தம்.

கூலரை இடம் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது. கூலரால் எத்தனை டிகிரி இறக்க முடியும் என்பது அதில் தெரிந்துவிடும். ஒரே மாதிரியான இரண்டு சாதாரண வெப்பமானிகள் வேண்டும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட வேண்டும். மற்றது காய்ந்தபடியே இருக்கட்டும். இரண்டையும் குடிலுக்கு வெளியே நிழலில் தொங்கவிட்டு, மின்விசிறிக் காற்று படும்படி பத்து நிமிடம் வைத்துப் படிக்க வேண்டும். எப்படிப்பட்ட கூலரானாலும் ஈரத்துணி காட்டும் அளவுக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க முடியாது. பட்டை நல்ல நிலையில் உள்ள வீட்டுக் கூலர், இரண்டு அளவுக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய முக்கால் பங்கை இறக்கும்.

இவர்கள் மதியம் 2 மணிக்குப் பார்த்தபோது காய்ந்த வெப்பமானி 37, ஈரத்துணி 24 காட்டியிருக்கிறது. இடைவெளி 13 டிகிரி. அதில் முக்கால் பங்கு ஏறக்குறைய 10. ஆக, வெளிக்காற்றை இழுக்கும் கூலர் 27 டிகிரிக் காற்றைத் தரும். கூரைச் சூட்டையும் சேர்த்தால் அறை 28 டிகிரியில் நிற்கும். சிப்பிக் காளான் காய்ப்பதற்கு 23 முதல் 25 டிகிரிதான் சிறந்தது. ஆனால் உச்சி வெயில் நேரத்தில் சில மணி நேரம் 28 டிகிரியை அது தாங்கிக்கொள்ளும். 33 டிகிரியைத் தாங்காது.

இனி இடமாற்றம். கூலரின் முதுகும் பக்கவாட்டுப் பட்டைகளும் வெளியே இருக்க, காற்று வரும் முகம் மட்டும் சுவர்த் துளை வழியாக அறைக்குள் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் நிழல் கட்டாயம். இதைக் கேட்டதும் மாமியாருக்குச் சந்தேகம்: "ஏங்கண்ணு, கூலரை வெளிய வெச்சா குளிரு வெளியதான போகும்?" மருமகள் சொன்ன பதில் சரியானது: "இல்லைங்க அத்தை, முதுகுதான் வெளிய. மூஞ்சி உள்ளதான இருக்கு."

பலர் மறந்துவிடுவது காற்று வெளியேறும் வழி. உள்ளே தள்ளப்படும் காற்று வெளியேறாவிட்டால் புதுக்காற்று உள்ளே வராது, பழைய புழுக்கமே திரும்பும். கூலருக்கு எதிர்ச்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, கூலர் முகத்தைப்போல் இரண்டு மடங்கு பரப்பில் ஜன்னல் விட வேண்டும். ஈ நுழையாமல் இருக்க நெருக்கமான வலை அடிக்க வேண்டும். வலை காற்றில் ஒரு பங்கைத் தடுத்துவிடும் என்பதால்தான் இரண்டு மடங்கு. கூலர் வரும் துளையைச் சுற்றியுள்ள சந்தையும் அடைத்துவிட வேண்டும், காளான் ஈக்கு அந்தச் சந்தே போதும்.

கூலர் காற்று நேராகப் படுக்கைமேல் அடிக்கவும் கூடாது. அடித்தால் அந்த வரிசையில் மட்டும் மொட்டுகள் கருகி, குடையின் ஓரம் வெடிக்கும். காற்றுத் தகட்டை மேல்நோக்கித் திருப்பி, குறைந்த வேகத்தில் ஓட்டினால் காற்று கூரையை ஒட்டிப் போய் மெல்ல இறங்கும். ஒரு மெல்லிய நூலைப் படுக்கைக்கு அருகில் தொங்கவிட்டால், அது லேசாக அசைய வேண்டும், பறக்கக் கூடாது.

கூலர் ஓடும்போது ஈரப்பதமூட்டி எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலும் தேவையில்லை. கூலர் தரும் காற்றே 75 முதல் 80 சதவீத ஈரத்தோடு வரும். தரையில் மணல் பரப்பி நனைத்து வைத்து, சுவரோரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டால் பகலை ஓட்டிவிடலாம். ஈரப்பதமூட்டியின் உண்மையான வேலை இரவிலும் அதிகாலையிலும்தான். அப்போது வெளியே குளிர்ந்துவிடுவதால் கூலர் நின்றுவிடும், ஆனால் அறையில் ஈரம் குறையக்கூடும். ஆகவே இரண்டு கருவிகளுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு தேவை. கூலரை வெப்பத்தை வைத்து இயக்க வேண்டும்: 26 டிகிரியைத் தாண்டினால் ஓடும், 24 ஆனால் நிற்கும். ஈரப்பதமூட்டியை ஈரத்தை வைத்து இயக்க வேண்டும்: 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓடும், 85 ஆனால் நிற்கும். ஓடுவதற்கும் நிற்பதற்கும் இடையே இந்த இடைவெளி விடாமல் ஒரே எண்ணில் வைத்தால், மோட்டார் நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுந்து சீக்கிரம் கெட்டுவிடும். கூலர் நின்ற இரவு நேரத்தில் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டினால் கரியமில வாயு வெளியேறிவிடும்.

ஈரத்தைக் காட்டும் கருவி பொய் சொன்னால் இத்தனையும் வீண். மலிவான டிஜிட்டல் கருவிகள் ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சாதாரணம். வீட்டு உப்பை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் கூழாகும் அளவு சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். உப்புக்கூழ் கருவிமேல் படக்கூடாது. காலையில் கருவி 75 காட்ட வேண்டும், உப்பின் இயல்பு அது. 81 காட்டினால் எப்போதும் 6 கழித்துப் படிக்க வேண்டியதுதான். கருவியை அறையின் நடுவே படுக்கை உயரத்தில், பனியும் நேர்க்காற்றும் படாத இடத்தில் மாட்ட வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புத்தண்ணீரை ஈரப்பதமூட்டியில் ஊற்றினால், பனியோடு சேர்ந்து அந்த உப்பும் பறந்து காளான்மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். அதை வாங்குபவர் பூஞ்சணம் என்று நினைத்து ஒதுக்குவார். மழைநீரோ, ஆர்.ஓ. தண்ணீரோதான் அதற்கு ஏற்றது. கூலருக்குப் போர்வெல் தண்ணீர் போதும். ஆனால் தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து கழுவ வேண்டும். பட்டையில் உப்பு கட்டி இறுகினால் காற்று போகாது, கூலரின் முக்கால் பங்கு பாதிப் பங்காகிவிடும்.

ஏ.சி. வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. ஏ.சி.யின் குளிர்ந்த குழாய்களில் அறைக் காற்றின் ஈரம் நீராகப் படிந்து வெளிக்குழாயில் சொட்டும். அந்த நீரை ஈடுகட்ட ஈரப்பதமூட்டி இடைவிடாமல் ஓடும். அது தரும் ஈரத்தையும் ஏ.சி. பிடுங்கும். புதுக்காற்றும் வராது. வெப்பம் புகாத சுவரும் கூரையும் காற்றோட்டமும் அமைத்து, ஆண்டு முழுதும் விற்பவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

சித்திரைக்கு மேல் என்ன செய்வது? ஈரத்துணி வெப்பமானியே வழி சொல்லும். கோடை மழைக்குப் பிறகு காய்ந்தது 36, ஈரத்துணி 28 என்று காட்டினால் கூலர் 30 டிகிரிதான் தரும். அதில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டக் கூடாது. சிப்பிப் படுக்கைகளின் அறுவடை பங்குனிக்குள் முடியும்படி வித்துப் போட்டு, அதன்பின் அதே குடிலில் 30 முதல் 35 டிகிரியில் வளரும் பால் காளானுக்கு மாறிவிடலாம். அப்போது ஈரப்பதமூட்டிக்கு வேலை அதிகம், கூலருக்கு உச்சிவெயிலில் மட்டும்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இன்னொரு வாசகர், இதேபோல் சுவரில் பொருத்தியும் கூலர் குளிரவில்லை என்று எழுதியிருக்கிறார். கடலோரத்தில் வெளிக்காற்றிலேயே ஈரம் மிகுதி. 33 டிகிரி வெயிலில் ஈரத்துணி 28 காட்டும் நாட்களில் எந்தக் கூலரும் நான்கு டிகிரிக்குமேல் இறக்காது. அவர் பெரிய கூலர் வாங்குவதைவிட, கூரையின் மேல் தென்னங்கீற்றைக் கனமாகப் போட்டு, சிப்பிக் காளானைக் கார்த்திகை முதல் மாசி வரை வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் பால் காளான் போடலாம்.