படம் போனாலும் நம்பர் நிக்கணும்

நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவுல போன மாசம் ஒரு படத்தை நீக்கினோம். அதைப் பத்தி சிலர் வருத்தப்பட்டீங்க, சிலர் சரின்னு சொன்னீங்க. என் கருத்தை நான் இங்கே விளக்கமா எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ஒரு அம்மாவோட பிரஷர் மெஷின் படம் அது. மகள்தான் காலையில எடுத்து போட்டாங்க. பக்கத்துல இருந்த மருந்து பாக்கெட்டுல முழுப் பேரும் ஐசி நம்பரும் தெளிவா தெரிஞ்சது. நூத்துக்கணக்கான பேர் இருக்கிற குழுவுல அது இருக்கக்கூடாது, அதனால நீக்கினது நியாயம். ஆனா படம் போனப்புறம் மிஞ்சினது கீழே தனியா டைப் பண்ணியிருந்த ஒரு வரிதான்: "இன்னைக்கு 92 பா, பாத்துக்குங்க."

இந்த 92 எது? மெஷின் திரையில மேல SYS, நடுவுல DIA, கீழ PULSE. DIA 92ன்னா கவனிக்க வேண்டிய விஷயம். வீட்டுல அளக்கிற பிரஷருக்கு நம்ம நாட்டு மருத்துவ வழிகாட்டி 135/85ஐத்தான் கோடா வெச்சிருக்கு. கிளினிக்குல அளந்தா அது 140/90. ஆனா PULSE 92ன்னா அது நாடித்துடிப்பு, உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம்னு சொல்வாங்க. ஒரே எண், ஒண்ணு கவலை, ஒண்ணு ஒண்ணுமில்லை. அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் அரசாங்க கிளினிக்குல அப்பாயிண்ட்மெண்ட். டாக்டர் வீட்டு ரீடிங்கை கேட்டா இந்த 92ஐ வெச்சு அவர் என்ன செய்ய முடியும்?

நான் தொழிற்சாலையில மேற்பார்வையாளர். எங்க லைன்ல யூனிட் இல்லாம எழுதின நம்பரை ரிஜெக்ட்னு எடுத்துக்குவோம். 4.5ன்னு மட்டும் எழுதினா அது பாரா, மில்லிமீட்டரா, டிகிரியான்னு ஷிப்ட் மாறினவருக்கு தெரியாது. வீட்டு மெஷினும் அப்படித்தான். இணையத்துல வாங்கின சில மெஷின்ல mmHgக்கு பதிலா kPaன்னு மாத்தி வைக்கலாம். அப்ப 138/86ங்கிறது 18.4/11.5ன்னு காட்டும். தெர்மாமீட்டர்ல °C, °F மாறிக்கிடக்கும். 99ன்னு மட்டும் எழுதினா பார்க்கிறவர் பதறுவார், அது 99°F, அதாவது சுமார் 37.2°C தான்.

சரி, எப்படி எழுதணும்? என் வழி இது:

```
14.03.2025 காலை 7.20
SYS 138 mmHg
DIA 86 mmHg
PULSE 72 /min
இடது கை, மருந்துக்கு முன்
```

காய்ச்சலுக்கு இன்னும் சின்னது: நேரம், 37.9 °C, எங்க வெச்சு பார்த்தது (நெற்றியா, அக்குளா, வாயா). 2020, 2021ல ஆலய வாசல்ல பேர், போன் நம்பர், வெப்பநிலைன்னு புத்தகத்துல எழுதினது ஞாபகம் இருக்கும். 37.5க்கு மேல போனா உள்ள விடமாட்டோம். அப்ப நான் கவனிச்சது, முன்னாடி ஆள் எழுதினதை பார்த்து பின்னாடி வரிசையா 36.5, 36.5, 36.5ன்னு எழுதியிருப்பாங்க. வெயில்ல வந்த பத்து பேருக்கும் ஒரே அளவு வராது. ஒரே எண் திரும்ப திரும்ப வந்தா, அது அளந்தது இல்லை, காப்பி அடிச்சது.

இப்ப முக்கியமான இடம். சிலர் படத்துக்கு கீழ ஒட்டின மாதிரி விளக்கம் டைப் பண்றாங்க. படத்தை எல்லாருக்கும் நீக்கினா அந்த விளக்கமும் சேர்ந்து போயிரும், ஏன்னா வாட்ஸ்அப்புக்கு அது ஒரே செய்தி. அதனால நம்பரை தனி செய்தியா அனுப்பணும். மறையும் செய்தி வசதியை போட்டிருந்தா (24 மணி நேரம், 7 நாள், 90 நாள்னு இருக்கு) அந்த தனி செய்தியும் போயிரும். வீட்டுல ஒரு நோட்டுல பேனாவால எழுதி வைக்கிறதுதான் பாதுகாப்பு.

படம் போயிருச்சு, எழுதி வைக்கல. அப்ப என்ன? மெஷினோட மெமரி பட்டனை அழுத்துங்க. நிறைய பிரஷர் மெஷின்ல பழைய ரீடிங் பல டஜன் இருக்கும், அந்த காலை நேரத்துது கிடைச்சிரும். மெஷின் கடிகாரம் சரியான்னு முதல்ல பாருங்க. பேட்டரி மாத்தினா அது சில மெஷின்ல ஆரம்ப தேதிக்கு போயிரும். அப்ப வரிசையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். சாதாரண தெர்மாமீட்டர்ல கடைசி ஒரு அளவுதான் பெரும்பாலும் இருக்கும், திரும்ப அளந்தா அதுவும் போச்சு. எதுவுமே கிடைக்கலன்னா அந்த வரியில "படம் அழிஞ்சது, அளவு இல்லை"ன்னு எழுதி விடுங்க. சாயங்காலம் அளந்ததை காலை நேரத்துக்கு எழுதாதீங்க. மருந்து சாப்பிட்டதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற வேற அளவு வரும், அதைத்தான் டாக்டர் பார்க்கிறார்.

டைப் பண்றப்ப தப்பு எப்படி வரும்னும் சொல்லணும். அந்த கோடு கோடா இருக்கிற எண்ல வெளிச்சம் பட்டு மேல் கோடு மறைஞ்சா 7 ஒண்ணு மாதிரி தெரியும், 8ல ஒரு கோடு போனா 6, 9 இல்ல 0 ஆயிரும். மெஷினை எதிர்ப்பக்கத்துல இருந்து எடுத்து வெட்டின படத்துல 68 தலைகீழா 89ன்னு தெரியும். எழுதினவர் படிச்சு காட்ட, மெஷின் பக்கத்துல இருக்கிறவர் சரி பார்க்கணும். DIA, SYSஐ விட பெரிசா இருந்தா இடம் மாறிப்போச்சு. 118/112ன்னு ரெண்டும் ஒட்டினாப்ல இருந்தா திரும்ப பாருங்க. M எழுத்து திரையில இருந்தா அது பழைய ரீடிங், இப்ப அளந்தது இல்லை. இதய குறி மினுக்கினா அதையும் ஒரு வார்த்தை எழுதுங்க, அது ஒழுங்கில்லாத துடிப்பை சொல்ற குறியா இருக்கலாம், படத்தோட போற விஷயம் அது.

முழு எண்ணா மாத்தி எழுதறதும் வேண்டாம். 134ஐ "140 கிட்ட"ன்னு எழுதினா 135 கோட்டுக்கு மேல தள்ளிட்டோம், 136ஐ "130 சொச்சம்"னு எழுதினா உள்ள விட்டுட்டோம். கண்ணுல பட்டதை அப்படியே. எழுதினது தப்பா இருந்தா அழிச்சு திருத்தாம, எங்க லைன்ல செய்யற மாதிரி ஒரு கோடு போட்டு பக்கத்துல சரியானதை எழுதி கையெழுத்து போடுங்க. பழைய எண்ணும் தெரியணும்.

படம்தான் ஆதாரம், டைப் பண்றதுல யாரும் எதையும் எழுதலாம்னு ஒரு தம்பி சொன்னார். அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. படம் இருந்தா தப்பா படிச்சதை கண்டுபிடிக்கலாம். ஆனா முப்பது நாள் படத்தை டாக்டர் போன்ல ஒண்ணொண்ணா தள்ளி பார்க்கிறதுக்கு நேரம் எங்க? நோட்டுல ஒரு பக்கம் பார்த்தா ஏறுதா இறங்குதான்னு உடனே தெரியும். படம் வீட்டு ஆட்களுக்குள்ள இருக்கட்டும். பொதுக் குழுவுல யாரோட பிரஷரும் வேண்டாம், பேரோட நிச்சயமா வேண்டாம்.

அந்த மகள்கிட்ட பேசினோம். மெமரியில பார்த்தாங்க. 148/92, PULSE 78. அந்த 92, DIA தான். ஏழு நாள் காலையும் மாலையும் ரெண்டு ரெண்டு தடவை, ஒரு நிமிஷம் விட்டு அளந்து நோட்டுல எழுதிட்டு போகச் சொல்லியிருக்கோம்.